கட்டணம் பூஜ்ஜியம் என்றாலும் செலவு உண்டு: மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது எதை ஒப்பிட வேண்டும்

"வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். ஒரு ஆப்பில் கட்டணமே இல்லை என்கிறார்கள், ஆனால் ரேட் கொஞ்சம் குறைவு. இன்னொன்றில் ரேட் நல்லா இருக்கு, ஒவ்வொரு தடவையும் கட்டணம் பிடிக்கிறார்கள். பேங்க் வழியாக அனுப்பினால் வழியிலேயே கொஞ்சம் காணாமல் போகிறது. எதை வைத்து ஒப்பிடுவது? மாதம் ஒரு தடவை மொத்தமாக அனுப்பினால் நல்லதா, பிரித்து அனுப்பினால் நல்லதா?"

கட்டணத்தையும் பார்க்காதீர்கள், ரேட்டையும் பார்க்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு போகிறது, வீட்டில் இருப்பவர் கையில் கடைசியாக எவ்வளவு வருகிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். நடுவில் இருப்பதை எந்தப் பெயரில் பிடித்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். சொல்வதற்கு இது ரொம்பச் சுலபம், ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் இந்த இரண்டு எண்களையும் வேறு வேறு விதமாகக் காட்டுவதால் சரியாக ஒப்பிடுவதில்தான் ஆட்கள் சறுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

முதலில் அளவுகோல் ஒன்று வேண்டும். பெரிய வங்கிகள் தங்களுக்குள் ஒரு நாணயத்தை வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பதைத்தான் மிட் மார்க்கெட் ரேட் என்பார்கள். தேடுபொறியில் இரண்டு நாணயங்களின் பெயரைப் போட்டால் வருவது ஏறத்தாழ இதுதான். நம்மைப் போன்ற சில்லறை ஆட்களுக்கு இந்த ரேட்டில் யாரும் சும்மா மாற்றித் தர மாட்டார்கள். அதிலிருந்து கொஞ்சம் குறைத்து ஒரு ரேட் தருவார்கள், அந்தக் குறைப்புதான் மார்ஜின். "கட்டணம் இல்லை" என்று விளம்பரம் செய்கிறவர்களின் வருமானம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. அதில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை, வியாபாரம்தான். பிரச்சினை என்னவென்றால் கட்டணம் ரசீதில் தெரியும், மார்ஜின் தெரியாது, நீங்களேதான் கணக்குப் போட வேண்டும்.

மத்திய வங்கி நாளுக்கு ஒரு தடவை வெளியிடும் குறிப்பு ரேட்டை இதற்கு எடுக்காதீர்கள். அது அந்த நாளின் ஒரு நேரத்துக்கு உரியது. நீங்கள் இரவு ஆப்பைத் திறக்கும்போது சந்தை வேறு இடத்தில் இருக்கும், மார்ஜின் இல்லாத இடத்தில் மார்ஜின் இருப்பது போலவும் இருக்கிற இடத்தில் இல்லாதது போலவும் காட்டிவிடும். மிட் ரேட்டையும் நிறுவனத்தின் ரேட்டையும் ஒரே நிமிடத்தில் பார்த்துக் குறித்துக்கொள்வது முக்கியம். நேற்று ஒரு ஆப்பில் பார்த்த ரேட்டை இன்று இன்னொரு ஆப்பில் பார்த்ததோடு ஒப்பிடுவது அர்த்தமே இல்லாத வேலை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீங்கள் சம்பாதிப்பது டாலர், வீட்டில் செலவு செய்வது ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிட் ரேட் சுலபமாக இருக்கட்டும், 1 டாலருக்கு 80 ரூபாய். இந்த எண்களெல்லாம் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் நாணயத்துக்கும் இன்றைய ரேட்டுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போவது 800 டாலர், அதற்கு மேல் ஒரு பைசா இல்லை. மார்ஜினும் கட்டணமும் எதுவுமே இல்லாத உலகத்தில் வீட்டுக்கு 64,000 ரூபாய் போக வேண்டும். அதுதான் நம் அளவுகோல்.

முதல் ஆப், கட்டணம் பூஜ்ஜியம், ரேட் 78.80. வீட்டுக்குப் போவது 63,040. குறைந்தது 960 ரூபாய், அதாவது 1.5 சதவீதம்.

இரண்டாவது ஆப், கட்டணம் 6 டாலர், ரேட் 79.76. 800-இல் 6 போக 794 டாலர்தான் மாறுகிறது, வீட்டுக்கு 63,329 ரூபாய். குறைந்தது சுமார் 671, அதாவது 1.05 சதவீதம். கட்டணம் வாங்குகிறவர்தான் இங்கே மலிவு.

மூன்றாவது உங்கள் பேங்க். அனுப்புவதற்கு 25 டாலர் கட்டணம், பணம் டாலராகவே போகிறது, வழியில் இடைநிலை வங்கி ஒன்று 15 டாலர் பிடித்துக்கொள்கிறது, மிச்சம் 760 டாலரை அந்தப் பக்கத்து வங்கி 78 ரூபாய்க்கு மாற்றுகிறது. வீட்டுக்குப் போவது 59,280. குறைந்தது 4,720 ரூபாய், 7.4 சதவீதத்துக்குப் பக்கம். இதில் உங்கள் பேங்க் முன்கூட்டியே உங்களிடம் சொன்னது அந்த 25 டாலரை மட்டும்தான்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இரண்டு ஆப்புகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் மாதம் 290 ரூபாய் போல, வருடத்துக்கு 3,500-க்குள். பேங்கிலிருந்து இரண்டாவது ஆப்புக்கு மாறினால் வருடத்துக்கு 48,600 ரூபாய் அளவுக்கு மிஞ்சும், கிட்டத்தட்ட முக்கால் மாதப் பணம். ஆகவே நீங்கள் இன்னும் சிறிய தொகைகளைப் பேங்க் வயர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தால் ஆப்புகளுக்கு நடுவே நுணுக்கமாக அலசுவதற்கு முன்னால் அதைத்தான் நிறுத்த வேண்டும். எல்லா பேங்கும் இப்படி இல்லை, சில வங்கிகள் தங்கள் சொந்தக் கிளை இருக்கும் நாடுகளுக்கு மலிவாகவே அனுப்புகின்றன. அதனால் கேட்டுப் பாருங்கள், ஆனால் கேட்கும்போது "கட்டணம் எவ்வளவு" என்று கேட்காமல் "800 எடுத்தால் அங்கே எவ்வளவு வரவாகும், அதை எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர முடியாது என்பார்கள், அதுவே பாதி பதில்.

உலக வங்கி Remittance Prices Worldwide என்ற பெயரில் நாட்டு ஜோடி வாரியாக இந்தச் செலவைத் தொகுத்து வெளியிடுகிறது, remittanceprices.worldbank.org என்ற தளத்தில் பார்க்கலாம். அவர்கள் கட்டணத்தையும் மார்ஜினையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள், அதனால் நாம் மேலே போட்ட கணக்கும் அவர்களுடைய கணக்கும் ஒரே வகை. உலகச் சராசரி 200 டாலர் அனுப்புவதற்கு இன்னும் 6 சதவீதத்துக்கு மேலேயே இருக்கிறது, எல்லா வகை நிறுவனங்களிலும் வங்கிகள்தான் அதிகச் செலவு. 2030-க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா.வின் இலக்கு. உங்கள் நாட்டு ஜோடியில் யார் யார் இருக்கிறார்கள், நிலவரம் என்ன என்று தெரிந்துகொள்ள அந்தத் தளம் உதவும். ஆனால் அங்கே இருப்பது 200 மற்றும் 500 டாலருக்கு ஒத்த தொகைகளுக்கு, ஏதோ ஒரு நாளில் எடுத்த கணக்கு. உங்கள் தொகைக்கு இன்றைக்கு எது மலிவு என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, பிரித்து அனுப்பலாமா. இதற்குக் காரணம் தெரிந்தால் விடை தானாக வரும். கட்டணம் பெரும்பாலும் ஒரு தடவைக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்கும், 100 அனுப்பினாலும் 1000 அனுப்பினாலும் அதே 6 டாலர். மார்ஜின் தொகையோடு சேர்ந்து வளரும். ஆகவே சிறிய தொகைக்குக் கட்டணம் இல்லாதவர் மலிவு, பெரிய தொகைக்கு மார்ஜின் குறைந்தவர் மலிவு, நடுவில் எங்கேயோ இரண்டும் சமமாகும் ஒரு புள்ளி இருக்கிறது. முதல் ஆப்பின் மார்ஜின் 1.5 சதவீதம், இரண்டாவதில் 80-க்கு 79.76 தருவதால் 0.3 சதவீதம். சமப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்:

```
சமப்புள்ளி = (கட்டணம்2 - கட்டணம்1) / (மார்ஜின்1 - மார்ஜின்2)
           = (6 - 0) / (0.015 - 0.003)
           = 500
```

கட்டணத்தையே தொகைக்குள் கழிப்பதால் துல்லியமாகப் போட்டால் 498.50 வரும், அந்த அளவு வித்தியாசத்தை விட்டுவிடலாம். 500 டாலருக்குக் கீழே என்றால் முதல் ஆப், மேலே என்றால் இரண்டாவது. 800-ஐ ஒரே தடவையில் அனுப்பும்போது இரண்டாவது மலிவாக வந்ததற்கு இதுதான் காரணம்.

இப்போது அதே 800-ஐ 400, 400 என்று மாதம் இரண்டு தடவை அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஆப்பில் 6 டாலர் இரண்டு தடவை போகும், வீட்டுக்கு 62,851 ரூபாய்தான் சேரும், குறைவது சுமார் 1,149. முதல் ஆப்பில் ஒரு தடவை அனுப்பினாலும் நாலு தடவை அனுப்பினாலும் அதே 960-தான். ஆக, பிரித்து அனுப்பியவுடன் வரிசையே தலைகீழாகிவிடுகிறது. வீட்டில் வாரச் செலவுக்கு வாராவாரம் அனுப்புகிறவர்கள் நண்பர் சொன்னார் என்று இரண்டாவது ஆப்புக்குப் போய் அதிகமாகச் செலவழிப்பது இப்படித்தான். அந்த நண்பர் பொய் சொல்லவில்லை, அவர் மாதம் ஒரு தடவை பெரிய தொகையாக அனுப்புகிறவராக இருந்திருப்பார்.

மறுபக்கமும் உண்டு. இரண்டு மாதப் பணத்தை, அதாவது 1600-ஐ, ஒன்றாக இரண்டாவது ஆப்பில் அனுப்பினால் மொத்தம் குறைவது சுமார் 863 ரூபாய், மாதத்துக்கு 431. மாதாமாதம் அனுப்புவதைவிட மாதத்துக்கு 240 ரூபாய், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 480 ரூபாய் போல மிச்சம். அந்த 480-க்காக வீட்டில் ஒரு மாதம் கடன் வாங்கிச் சமாளிக்க வேண்டியிருந்தால் கடனுக்கு வட்டி அதைவிட அதிகமாகும், இந்த வேலை வேண்டாம். வீட்டில் கையிருப்பு இருக்கிறது, அவசரம் இல்லை என்றால் செய்யலாம். சில நிறுவனங்களில் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் கட்டணம் இல்லாமல் போகும் அல்லது ரேட் ஒரு படி உயரும். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, ஆப்பில் தொகையை 100, 300, 500, 1000, 2000 என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் ரேட் மாறுகிறது என்று சட்டென்று தெரிந்துவிடும். உங்கள் தொகை அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் கொஞ்சம் கூட்டி அனுப்புவது லாபம்.

ஒப்பிடும்போது வழுக்கிவிடும் இடங்களைச் சொல்கிறேன். முதலாவது, "நீங்கள் அனுப்புவது" என்ற பெட்டி. சில ஆப்புகளில் அங்கே 800 போட்டால் கட்டணம் அதற்குள் கழியும், சிலவற்றில் அதற்கு மேலே சேர்ந்து உங்கள் கணக்கிலிருந்து 806 போகும். இரண்டையும் 800 என்று போட்டு வீட்டுக்கு வரும் தொகையை மட்டும் ஒப்பிட்டால் கட்டணத்தை மேலே சேர்க்கிறவர் உண்மையில் இருப்பதைவிட நன்றாகத் தெரிவார். நம் இரண்டாவது ஆப் அப்படிக் கட்டணத்தை மேலே சேர்த்தால் வீட்டுக்கு 63,808 என்று காட்டும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நீங்கள் 806 கொடுத்திருப்பீர்கள். அதனால் கடைசிப் பக்கம் வரை போய், பணம் கட்டும் பொத்தானுக்கு முந்தைய பக்கத்தில் "மொத்தம் பிடிக்கப்படும்" என்று இருப்பதைப் பாருங்கள். அந்த மொத்தம் இரண்டு ஆப்பிலும் 800 ஆகும்படி தொகையைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, முதல் தடவைச் சலுகை. புதிதாகச் சேருகிறவருக்கு முதல் பரிமாற்றத்துக்கு மட்டும் மிட் ரேட்டையும் தாண்டி ரேட் தருகிற நிறுவனங்கள் உண்டு. அது நஷ்டத்தில் செய்வது, ஆளைப் பிடிப்பதற்கான செலவு. நம் கணக்கிலேயே பாருங்கள்: முதல் தடவை 80.80 தருகிறார்கள், உங்களுக்கு அளவுகோலைவிட 640 ரூபாய் அதிகமாகப் போகிறது. அடுத்த மாதத்திலிருந்து ரேட் 78.60. ஒவ்வொரு மாதமும் 1,120 குறைகிறது, 11 மாதத்துக்கு 12,320. முதல் மாத லாபத்தைக் கழித்தாலும் வருட நஷ்டம் 11,680. நம் இரண்டாவது ஆப்பில் முழு வருடத்துக்கும் குறைவது 8,047. ஆக, முதல் தடவை அங்கே அனுப்புங்கள், தாராளமாக, பிறகு வெளியே வந்துவிடுங்கள். இணையத்தில் பலர் "இதில்தான் நல்ல ரேட்" என்று போடும் ஸ்கிரீன்ஷாட்களில் பாதி இந்த முதல் தடவை ரேட்தான். சலுகை ரேட்டுக்கு வரம்பு இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும், முதல் இத்தனை டாலருக்கு மட்டும் சலுகை, மிச்சத்துக்குச் சாதாரண ரேட் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, வெளியே இருக்கும் கால்குலேட்டரும் உள்ளே நுழைந்த பிறகு வரும் ரேட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முகப்பில் மிட் ரேட்டைப் பெரிய எழுத்தில் காட்டிவிட்டு, அனுப்பும் பக்கத்தில் வேறு ரேட் தருகிற தளங்களும் உண்டு. உங்கள் கணக்கில் நுழைந்து, பெறுபவரைத் தேர்ந்தெடுத்து, எப்படிப் பணம் கட்டப்போகிறீர்கள் என்பதையும் தேர்ந்தெடுத்த பிறகு தெரியும் எண்தான் கணக்கு.

பணம் கட்டும் வழி என்றதும் நினைவுக்கு வருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டினால் பொதுவாக மலிவு, ஆனால் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகலாம். டெபிட் கார்டு வேகம், கொஞ்சம் அதிகம். கிரெடிட் கார்டை மட்டும் தொடாதீர்கள். ஆப் அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குவது ஒரு பக்கம், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி இதைக் கடையில் பொருள் வாங்கியதாக எடுத்துக்கொள்ளாமல் ரொக்கம் எடுத்ததாக எடுத்துக்கொண்டால் தனிக் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் விழும். ஆப்பின் ரசீதில் இது வராது, மாதக் கடைசியில் கார்டு அறிக்கையில்தான் வரும், அதனால் ஒப்பீட்டில் எல்லோரும் இதைத் தவறவிடுகிறார்கள். வாங்கும் பக்கமும் இப்படித்தான், வங்கிக் கணக்கில் வரவு வைப்பதைவிட ரொக்கமாகக் கையில் வாங்குவதற்கு ரேட் குறைவாக இருக்கும் ஆப்புகள் நிறைய.

பேங்க் வழியில் காணாமல் போவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் வங்கிக்கும் வீட்டு வங்கிக்கும் நேரடிக் கணக்கு உறவு இல்லாவிட்டால் பணம் நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் வழியாகப் போகும். ஒவ்வொன்றும் தன் பங்கை அந்தத் தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அனுப்பும் படிவத்தில் OUR, SHA, BEN என்று மூன்று இருக்கும். OUR என்றால் வழிச்செலவெல்லாம் உங்களுடையது, SHA என்றால் உங்கள் வங்கியின் கட்டணம் உங்களுக்கு, மற்றதெல்லாம் பெறுபவருக்கு, BEN என்றால் முழுவதும் பெறுபவர் தலையில். நீங்கள் எதையும் தொடாவிட்டால் பல வங்கிகளில் SHA-தான் இருக்கும், அதனால்தான் வீட்டில் வருவது குறைகிறது. OUR போட்டால் தொகை முழுசாகப் போய்ச் சேர வேண்டும், ஆனால் அதற்கு உங்கள் வங்கி கூடுதலாக வாங்கும், சிறிய தொகைக்கு அது கட்டுப்படியாகாது.

எங்கே பிடித்தார்கள் என்று தெரிய வேண்டுமா, வங்கிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஸ்விஃப்ட் செய்தியின், அந்தப் பரிமாற்றத்துக்கான நகலை வங்கியிடம் கேளுங்கள். பழைய வடிவத்தில் அதன் பெயர் MT103, புதிய வடிவத்தில் pacs.008. பழைய வடிவ நகல் என்றால் 33B என்ற வரியில் நீங்கள் அனுப்பச் சொன்ன தொகையும், 32A-வில் அந்தக் கட்டத்தில் உண்மையில் போன தொகையும், 71F-இல் வழியில் கழித்ததும் இருக்கும். கவுன்டரில் இருப்பவர் "அப்படியெல்லாம் தர முடியாது" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். இதைப் பார்த்து அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், நீங்களே SHA-வுக்குச் சம்மதித்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்வதற்குத்தான் இது. இன்னொன்றும் பாருங்கள், பணம் டாலராகவே போய் அங்கே மாறுகிறதா, இங்கேயே ரூபாயாக மாறிப் போகிறதா என்று. அங்கே மாறினால் அந்த ரேட்டை உங்களால் முன்கூட்டிப் பார்க்கவே முடியாது, வீட்டு வங்கி அன்றைக்கு வைத்ததுதான் ரேட்.

ரேட் எப்போது உறுதியாகிறது என்பது ஆப்புகளிலும் மாறுபடும். சிலர் நீங்கள் பொத்தானை அழுத்தும்போதே ரேட்டை உறுதி செய்து, இத்தனை மணி நேரத்துக்குள் பணம் வந்து சேர்ந்தால் இந்த ரேட் என்பார்கள். சிலர் காட்டுவது தோராய ரேட் மட்டும், உங்கள் பணம் அவர்களிடம் வந்த பிறகு இருக்கும் ரேட்டில்தான் மாற்றுவார்கள். அந்நியச் செலாவணிச் சந்தை நியூயார்க்கில் வெள்ளி மாலை மூடினால் ஞாயிறு மாலைதான் திறக்கும். அந்த இடைவெளியில் சந்தை எங்கே திறக்கும் என்று யாருக்கும் தெரியாததால் நிறுவனங்கள் பாதுகாப்புக்கு மார்ஜினைக் கொஞ்சம் அகலப்படுத்திக்கொள்வது வழக்கம். சம்பளம் வெள்ளிக்கிழமை வருகிறது, சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து அனுப்புவது பழக்கம் என்றால், ஒரு தடவை சனிக்கிழமையும் அடுத்து செவ்வாய்க்கிழமையும் மார்ஜினைச் சதவீதமாகப் போட்டுப் பாருங்கள். ரேட்டை நேராக ஒப்பிடக் கூடாது, சந்தை நகர்ந்திருக்கும், மார்ஜின் சதவீதத்தைத்தான் ஒப்பிட வேண்டும்:

```
மார்ஜின் % = (மிட் ரேட் - அவர்கள் ரேட்) / மிட் ரேட் × 100
```

இதையே மாதம் ஒரு தடவை ஒரு சின்னத் தாளில் குறித்து வாருங்கள், தேதி, மொத்தம் போனது, வந்து சேர்ந்தது, அந்த நிமிடத்து மிட் ரேட், நான்கே எண்கள். இந்தத் துறையில் உள்ளே இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், விட்டுப் போகாத வாடிக்கையாளருக்கு நல்ல ரேட் தர வேண்டும் என்று எந்த நிறுவனத்துக்கும் கட்டாயம் இல்லை. மார்ஜின் 0.3-இல் இருந்து 0.5, 0.5-இல் இருந்து 0.8 என்று மெதுவாக ஏறும். ரேட் தினமும் மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பதால் வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. மிட் ரேட் 80-இல் இருந்து 82-க்குப் போகும்போது உங்களுக்குக் கிடைப்பது 79.76-இல் இருந்து 81.18 ஆனால் "அட, ரேட் ஏறியிருக்கு" என்று சந்தோஷப்படுவோம். உண்மையில் மார்ஜின் 0.3-இல் இருந்து 1 சதவீதத்துக்குப் போயிருக்கும். தாளில் குறித்திருந்தால் மட்டுமே இது பிடிபடும்.

மிட் ரேட்டைவிட நல்ல ரேட் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். முதல் தடவைச் சலுகையாக இருக்கலாம், நீங்கள் பார்த்த மிட் ரேட் பழையதாக இருக்கலாம், அல்லது அது அனுமதி இல்லாத வழியாக இருக்கலாம். சில நாடுகளில் அதிகாரபூர்வ ரேட் ஒன்று, வெளிச்சந்தை ரேட் ஒன்று என்று இரண்டு ஓடும். அங்கே இந்த மிட் ரேட் அளவுகோலே சரியாக வேலை செய்யாது, நான் மேலே போட்ட கணக்கும் பொருந்தாது. அனுமதி இல்லாத ஆளிடம் கொடுத்த பணம் போய்ச் சேராவிட்டால் புகார் கொடுக்க இடமே இருக்காது, வாங்குகிறவருக்கும் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட எந்தத் தாளும் இருக்காது.

ரேட் ஏறும் என்று காத்திருப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறவருக்கு அது வேண்டாத வேலை. ரேட் ஒரு வாரத்தில் ஒரு சதவீதம் ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும், எது என்று யாராலும் சொல்ல முடியாது. 12 மாதமும் அனுப்பும்போது நல்ல ரேட்டும் மோசமான ரேட்டும் கலந்து சராசரியாகத்தான் கிடைக்கும். மார்ஜினில் மிச்சப்படுத்தும் ஒரு சதவீதமோ ஒவ்வொரு மாதமும் நிச்சயமாகக் கிடைக்கும். ரேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதியை மார்ஜினைப் பார்ப்பதில் செலவழித்தால் போதும்.

எவ்வளவு தூரம் அலசுவது என்றால், இரண்டு நல்ல ஆப்புகளில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலும் அடையாளச் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்து வையுங்கள், ஏனென்றால் அவசரத்தில் ஒன்று முடங்கிவிட்டால் இன்னொன்றில் புதிதாகச் சரிபார்ப்பு முடிய நாட்கள் ஆகும். அனுப்பும் நாளில் இரண்டையும் திறந்து, மொத்தம் பிடிக்கப்படுவதை ஒரே எண்ணாக வைத்து, வீட்டுக்கு எது அதிகமாகக் காட்டுகிறதோ அதில் அனுப்புங்கள். வித்தியாசம் 0.2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதாவது 800-க்கு 1.60 டாலர், எது வேகமாகவும் தடை இல்லாமலும் போகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூன்றாவது ஒன்றையும் பார்த்தால் போதும். புதிய ஆப் எதுவானாலும் முதலில் சிறு தொகை ஒன்றை அனுப்பி, திரையில் காட்டிய ரூபாயும் வீட்டுப் பாஸ்புக்கில் விழுந்த ரூபாயும் கடைசி எண் வரை ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டில் கேட்டு உறுதி செய்துகொண்டு பிறகு முழுத் தொகையை அனுப்புங்கள். முதல் தடவைச் சலுகை உள்ள ஆப்பில் மட்டும் ஒரு சிக்கல், அந்தச் சிறு தொகையே சலுகையைத் தின்றுவிடும். அங்கே சலுகையை விட்டுவிடுவதா, முழுத் தொகையை முதல் தடவையே நம்பி அனுப்புவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 640 ரூபாய்க்காக 800 டாலரைப் பழகாத இடத்தில் வைக்க நானாக இருந்தால் யோசிப்பேன்.